எலக்ட்ரான் எங்கே வோல்ட்டாகிறது? – வாசகர் கேள்விகள்

கேமரா சென்சார்களில் சிசிடி, சிமாஸ் என இரண்டு வகை. இரண்டில் எது ஒளியை நன்றாக வாங்கும்?

இரண்டும் ஒரே சிலிக்கான்தான். ஒளி எலக்ட்ரானாக மாறும் இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. பின்பக்கமாக ஒளி விழும்படி மெல்லியதாக்கிய சில்லா, மேலே எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்பவைதான் அதைத் தீர்மானிக்கும். எலக்ட்ரான் சேர்ந்த பிறகு அதை எந்த இடத்தில் வோல்ட்டாக மாற்றுகிறார்கள் என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

சிசிடியில் மின்னூட்டத்தை மின்னூட்டமாகவே நகர்த்துவார்கள். கான்கிரீட் போடும்போது சாந்துச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவதைப் போல, மின்வாய்களின் அழுத்தத்தை முறைவைத்து ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு பிக்சலின் பொட்டலமும் அடுத்த குழிக்குப் போகும். கடைசியில் மூலையில் இருக்கும் ஒரே ஒரு சிறிய மின்தேக்கியில் கொட்டி அங்கே அளப்பார்கள். சிமாஸில் அந்த மின்தேக்கியும் அதைப் படிக்கும் டிரான்சிஸ்டரும் பிக்சலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து வெளியே வருவது மின்னழுத்தம் மட்டும்.

மின்தேக்கி எவ்வளவு சிறிதோ, ஓர் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் வோல்ட் அவ்வளவு அதிகம். 16 ஃபெம்டோ ஃபாரட் இருந்தால் எலக்ட்ரானுக்குச் சுமார் 10 மைக்ரோவோல்ட். அதையே 1.6 ஆகக் குறைத்தால் 100 மைக்ரோவோல்ட்.

ஒரு ஒளித்துகள் எத்தனை எலக்ட்ரான் தரும்?

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒன்று. நீலமானாலும் சிவப்பானாலும் ஒன்றுதான். சுமார் 1100 நானோமீட்டரைத் தாண்டிவிட்டால் சிலிக்கான் வெறும் கண்ணாடி மாதிரி.

பழைய சிசிடி கேமராவில் தெருவிளக்கின் வழியாக மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கோடு. லென்ஸ் பழுதா?

லென்ஸை விட்டுவிடுங்கள். எக்ஸ்போஷரைப் பாதியாக்கிப் பாருங்கள். கோடு நீளம் குறைந்தால் குழி நிரம்பி அதே நெடுவரிசையில் வழிந்திருக்கிறது. குறையாமல் படத்தின் விளிம்புவரை நேராக நின்றால், பொட்டலம் நகர்ந்துகொண்டிருக்கும்போதே மறைப்பையும் மீறி ஒளி கசிகிறது. முதலாவதை எக்ஸ்போஷரைக் குறைத்துச் சமாளிக்கலாம். இரண்டாவது போக வேண்டுமானால் நகர்த்தும் நேரத்தில் இயந்திர ஷட்டர் மூடியிருக்க வேண்டும். சிமாஸில் பொட்டலம் ஊர்வலம் போவதில்லை, அதனால் இந்தக் கோடும் இல்லை.

கெயினைக் கூட்டினால் சென்சாரின் உணர்திறன் கூடுகிறது என்கிறார்கள். எவ்வளவு கூடும்?

கூடாது. இதை எத்தனை முறை எழுதியாயிற்று! பெருக்கியின் கெயின் குமிழியைத் திருப்பியதால் சிலிக்கானுக்குள் ஓர் எலக்ட்ரான்கூட அதிகமாகச் சேராது. சேர்ந்ததை எத்தனை எண்களாகச் சொல்வது என்பது மட்டும்தான் மாறுகிறது. அரை கிலோ அரிசியை 500 கிராம் என்று எழுதியதால் அரிசி பெருகுமா?

ஆனால் கெயின் பயனற்றது என்றும் நான் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். 12 பிட் சிமாஸ் கேமரா ஒன்று. குறைந்த கெயினில் 4 எலக்ட்ரானுக்கு ஓர் எண், படிக்கும்போது சுற்றே சேர்க்கும் படிப்பு இரைச்சல் 9 எலக்ட்ரான். அதிக கெயினில் அரை எலக்ட்ரானுக்கு ஓர் எண், படிப்பு இரைச்சல் 2. ஒரு நட்சத்திரம் பிக்சலில் 400 எலக்ட்ரான் போடுகிறது என்றால் முதலாவதில் 100 என்றும் இரண்டாவதில் 800 என்றும் வரும். படம் எட்டு மடங்கு பளிச்சென்று தெரியும். ஆனால் 400 எலக்ட்ரானுக்கு ஒளியின் சொந்த இரைச்சலே, அதாவது எண்ணிக்கையின் வர்க்கமூலம், 20. அதையும் படிப்பு இரைச்சலையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் முதலாவதில் 22, இரண்டாவதில் 20. தரம், அதாவது குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், 18இலிருந்து 20 ஆகிறது. எட்டு மடங்கு வெளிச்சத்துக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

இப்போது 9 எலக்ட்ரான் மட்டும் தரும் மங்கலான பொருளை எடுங்கள். குறைந்த கெயினில் விகிதம் 1, அதாவது இரைச்சலில் மூழ்கிவிட்டது. அதிக கெயினில் 2.5. பத்துப் படங்களை அடுக்கினால் வெளியே வந்துவிடும். பெருக்கிக்குப் பின்னால், எண்ணாக்கும் சுற்றில் சேரும் இரைச்சல், முன்கூட்டியே பெருக்கியதால் ஒப்பளவில் சிறுத்துவிட்டது. கெயினின் உண்மையான பயன் இந்த ஒன்றுதான்.

விலையும் உண்டு. 12 பிட் என்பதால் 4095 வரைதான் எண்கள். குறைந்த கெயினில் 16,000 எலக்ட்ரான்வரை அளந்த கேமரா, அதிக கெயினில் 2,000ஐத் தாண்டியதும் வெள்ளையாகிவிடும். பிரகாசமான நட்சத்திரங்களின் நிறம் போய்விட்டது என்று எழுதுபவர்களில் பாதிப்பேர் குமிழியை உச்சிக்குத் திருப்பியவர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சில சிமாஸ் சில்லுகள் குறிப்பிட்ட கெயினைத் தாண்டியதும் பிக்சலுக்குள்ளிருக்கும் கூடுதல் மின்தேக்கியைக் கழற்றிவிடும். அப்போது ஓர் எலக்ட்ரானுக்கு வரும் வோல்ட்டே உயரும், படிப்பு இரைச்சல் சட்டென்று ஒரு படி இறங்கும். கேமராவின் வரைபடத்தில் அந்தப் படி எங்கே என்று பார்த்து அங்கேயே வையுங்கள். அங்கும்கூட எலக்ட்ரான் எண்ணிக்கை அதேதான்.

என் கேமராவின் ஓர் எண்ணுக்கு எத்தனை எலக்ட்ரான் என்று வீட்டிலேயே அறிய முடியுமா?

முடியும். சீரான வெளிச்சத்தில் இரண்டு படம் (F1, F2), மூடி போட்டு மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் இரண்டு படம் (B1, B2). நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். ரா கோப்பு வேண்டும், ஜேபெக் உதவாது. வண்ண சென்சார் என்றால் ஒரே நிறத்தின் பிக்சல்களை மட்டும் கணக்கில் எடுங்கள்.

```
g = ((F1+F2) - (B1+B2)) / (var(F1-F2) - var(B1-B2))
```

கூட்டல்களில் சராசரியைப் போடுங்கள், var என்பது மாறுபாடு. 4600, 600 என்று வந்து, மாறுபாடுகள் 1010, 10 என்றால் விடை 4. படிப்பு இரைச்சல்: 10இன் வர்க்கமூலத்தை 1.4ஆல் வகுத்து 4ஆல் பெருக்க, சுமார் 9 எலக்ட்ரான். மேலே சொன்ன கேமராதான் இது. ஒரு படத்தை மட்டும் வைத்து மாறுபாடு எடுக்காதீர்கள். பிக்சலுக்குப் பிக்சல் உள்ள நிலையான வேறுபாடும் உள்ளே புகுந்து விடையைக் கெடுக்கும்.

இரவுப் படத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. சென்சார் போய்விட்டதா?

எத்தனை விநாடி? என்ன வெப்பநிலை? என்ன கெயின்? ஒன்றும் எழுதாமல் வாட்ஸாப்பில் சுருங்கிய ஜேபெக்கை அனுப்பினால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? மூடியைப் போட்டு அதே எக்ஸ்போஷர் நேரத்தில் எடுங்கள். அதே இடத்தில் அதே புள்ளிகள் வந்தால் அவை சூட்டுப் பிக்சல்கள். ஒளி இல்லாமல் வெப்பத்தாலேயே எலக்ட்ரான் சேர்கிறது. 6, 7 டிகிரி குளிர்ந்தால் பாதியாகக் குறையும். அதே வெப்பநிலை, அதே நேரம், அதே கெயினில் எடுத்த இருட்டுப் படத்தைக் கழித்தால் பெரும்பாலும் போய்விடும். மூன்றில் ஒன்று மாறினாலும் கழிக்காதீர்கள்.

நான்கு பிக்சலை ஒன்றாக்கினால் இரைச்சல் குறையுமா?

சிசிடியில் நான்கு பொட்டலங்களையும் ஒரே மின்தேக்கியில் கொட்டிவிட்டு ஒரு தடவைதான் படிக்கிறார்கள். படிப்பு இரைச்சல் 9 எலக்ட்ரான் என்றால் 9ஆகவே நிற்கும். பெரும்பாலான சிமாஸ் கேமராக்களில் நான்கையும் தனித்தனியே படித்துவிட்டுத்தான் கூட்டுகிறார்கள், இரைச்சல் இரு மடங்கு. ஆனால் மேலே சொன்ன சிமாஸ் கேமராவின் அதிக கெயினில் இரைச்சல் 2, அதன் இரு மடங்கு 4தான், 9ஐவிடக் குறைவு.

கைபேசி வீடியோவில் மின்விசிறி இறக்கை வளைகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. வரிசை வரிசையாகப் படிப்பதால் வருவது அது. மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் 20 மில்லிவிநாடி இடைவெளி என்றால், நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் விசிறி அதற்குள் 36 டிகிரி திரும்பிவிடும். வேகத்தைக் கூட்டினால் வளைந்த இறக்கை கூர்மையாகத் தெரியும்.