49 சதவீதத்தை ஏன் அச்சிட விடவில்லை

கேள்வி: எங்கள் இயந்திரத்தால் ஒரு வாடிக்கையாளருக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. மற்ற நிறுவனங்கள் நம்பி வாங்கும்படி அதைக் கேஸ் ஸ்டடியாக எழுதுவது எப்படி?

உங்கள் கையில் இப்போது வாடிக்கையாளரின் கரண்ட் பில்லோ உற்பத்திக் கணக்கோ இருக்கும். விற்பனைப் பிரிவு "எவ்வளவு பெரிய எண் வரும்?" என்று நச்சரித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பிரஸ்களின் பழைய ஹைட்ராலிக் மோட்டாரை எடுத்துவிட்டு சர்வோ மோட்டார் பொருத்தித் தரும் சிறிய நிறுவனத்தில் வேலை. கோபாலபுரம் பக்கம் தென்னை நார்த் தூளைப் பிரஸ்ஸில் அழுத்திக் காயர் பித் பிளாக் தயாரிக்கும் ஒருவருக்குப் பொருத்தினோம். பழைய மோட்டார், பிளாக்கை எடுத்துவைத்து அடுத்த தூளைக் கொட்டும் நேரத்திலும் முழு வேகத்தில் ஓடும். சர்வோ தேவைப்படும்போது மட்டுமே வேகமெடுக்கும். மிச்சம் வருவது அங்கேதான்.

எழுத அமர்த்திய விளம்பர நிறுவனம், மே மாத மீட்டரையும் ஜூலை மாத மீட்டரையும் பக்கத்தில் வைத்து "மின்செலவில் 49 சதவீதம் மிச்சம்" என்று தலைப்புப் போட்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் வந்துவிடும். களத்தில் தூள் காயாது. பிரஸ்ஸுக்கு வேலை குறையும். மிச்சத்தில் பெரும்பகுதி மழையால் வந்தது. பித் தொழிலில் இருப்பவர் எவரும் இதை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

உரிமையாளரின் ஷிப்ட் நோட்டைக் கேட்டு வாங்கினேன். பழுப்புத் தூள் படிந்த பக்கங்களில் தினமும் பிரஸ் மீட்டரின் யூனிட்டும் டன்னும் எழுதியிருந்தது. சில வரிசைகளில் சூப்பர்வைசர் "மழை, காயவில்லை" என்று மட்டும் குறித்திருந்தார். (அவருடைய அளவுகள் ரகசியம் என்பதால், கணக்கு புரியும்படி முழு எண்களாக மாற்றித் தருகிறேன்.) மே மாதம் 100 டன்னுக்கு 4,000 யூனிட், ஜூலையில் 60 டன்னுக்கு 2,040 யூனிட். பில்லைப் பார்த்தால் 49 சதவீதம் குறைவு. டன்னுக்குப் பார்த்தால் 40 யூனிட் 34 ஆகியிருக்கிறது; 15 சதவீதம்தான். இதுவும் சரியான ஒப்பீடு இல்லை. முந்தைய ஆண்டு ஜூலையில் பழைய மோட்டார் 60 டன்னுக்கு 2,520 யூனிட் எடுத்திருந்தது, அதாவது டன்னுக்கு 42. மழைக்காலத்தில் தூளுக்காகக் காத்திருக்கும் நேரம் அதிகம், அந்த நேரமெல்லாம் பழைய மோட்டார் வெறுமனே ஓடியிருக்கிறது. ஜூலைக்கு ஜூலை ஒப்பிட்டால் 42 போய் 34: 19 சதவீதம். கேஸ் ஸ்டடியில் அந்த எண்ணையே போட்டோம். எந்த மாதம், எந்த மீட்டர், எதால் வகுத்தது என்று அதன் கீழேயே ஒரு வரி எழுதினோம்.

"சின்ன எண்ணைப் பார்த்து யார் வாங்குவார்கள்?" என்று இங்கேயும் சிலர் கேட்பீர்கள். இந்த மாதிரி இயந்திரத்தை முதலாளி தனியாக முடிவு செய்வதில்லை. பராமரிப்புப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டுவார். அவர் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தப்பென்று சொல்லிவிட்டால் அந்த வாசல் அதோடு மூடிவிடும்.

மிச்சத்தை ரூபாயில் சொல்லவும் நான் விடவில்லை. கோபாலபுரத்தில் தமிழ்நாட்டு மின்கட்டணம். வாளையாரைத் தாண்டி கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியக் கட்டணம். டன்னுக்கு 8 யூனிட் மிச்சம் என்று கொடுத்தால், படிப்பவர் தன் டன்னாலும் தன் கட்டணத்தாலும் பெருக்கிக்கொள்வார். அவர் கையால் போட்ட கணக்கை அவரே நம்புவார்.

மின்னழுத்தம் சட்டென்று இறங்கும்போது சர்வோ டிரைவ் நின்றுபோனது, அதற்காக ஸ்டெபிலைசர் தனியாக வாங்க வேண்டியிருந்தது என்பதையும் எழுதினோம். விளம்பரக்காரர்கள் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னார்கள். பின்னால் கஞ்சிக்கோட்டிலிருந்து அழைத்த ஒரு பொறியாளர் முதலில் கேட்டதே அந்த ஸ்டெபிலைசரின் அளவைத்தான்.

உரிமையாளரின் வார்த்தையையும் மெருகேற்றாதீர்கள். "பிளாக் எடுத்து வைக்கும்போது மோட்டார் சும்மா ஓடுவதில்லை, ஷெட்டில் பேசினால் காதில் விழுகிறது" என்றார். விளம்பர நிறுவனம் அதை "புதிய உச்சத்தைத் தொட்டோம்" என்று மாற்றியது. எந்தப் பித் களத்துக்காரர் அப்படிப் பேசுவார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேள்விக்கு வெளியே போனாலும். அந்த விளம்பர நிறுவனம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பெரிய வாடிக்கையாளர்களிடம் அதை நினைவூட்டினால் முகம் சுளிக்கிறார்கள். கேஸ் ஸ்டடிக்குப் போட்டோ எடுக்க மட்டும் உடனே தேதி கொடுக்கிறார்கள்.

அச்சுக்குப் போகும் முன் முழுப் பக்கத்தையும் வாடிக்கையாளருக்கு அனுப்பி மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்குங்கள். எங்கள் வாடிக்கையாளர் மாத டன் அளவை நீக்கச் சொன்னார்; போட்டியாளருக்குத் தன் கொள்ளளவு தெரிந்துவிடும் என்பது அவர் கவலை. டன்னுக்கு எத்தனை யூனிட் என்பதை மட்டும் வைத்துக்கொண்டோம், பெயரைப் போடச் சம்மதித்தார்.