ராகு தசையில் துபாய் அழைக்கிறது: போகலாமா, வேண்டாமா?

"நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 37. சரக்குக் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் வேலை. துபாயில் இருக்கும் நண்பர் தன் தொழிலில் பங்குதாரராகச் சேரச் சொல்கிறார். அதற்கு வீட்டை அடமானம் வைத்து 40 லட்சம் போட வேண்டும். 1989 தை மாதம், பரணி நட்சத்திரம், மேஷ லக்னம். ராகு தசை நடக்கிறது. ஒரு ஜோதிடர் கோடீஸ்வரன் ஆவேன் என்கிறார். இன்னொருவர் தெருவுக்கு வந்துவிடுவேன் என்கிறார். இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. என்ன செய்வது, ஐயா?"

தம்பி, துபாய்க்குப் போங்கள். சம்பளத்துக்குப் போங்கள். வீட்டுப் பத்திரத்தை மட்டும் வங்கிக்கு எடுத்துச் செல்லாதீர்கள். இப்படிச் சொல்வதற்குக் காரணம் உங்கள் ஜாதகத்திலேயே இருக்கிறது.

உங்களுக்குப் பலன் சொன்ன இருவரும் தவறாகச் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ராகு கும்பத்தில், சதய நட்சத்திரத்தில் இருக்கிறார். மேஷ லக்னத்துக்கு அது பதினொன்றாம் வீடு, லாப ஸ்தானம். மூன்று, ஆறு, பத்து, பதினொன்றில் நிற்கும் ராகு கொடுப்பார் என்பது பொதுவிதி. சதயம் அவருடைய சொந்த நட்சத்திரம் வேறு. முதலாமவர் இதைப் பார்த்தார். ஆனால் மேஷம் சர லக்னம். சர லக்னத்துக்குப் பதினொன்றாம் வீடே பாதக ஸ்தானமும் ஆகும். இரண்டாமவர் அதைப் பார்த்தார். லாபமும் பாதகமும் ஒரே வாசலில் நிற்கும் ஜாதகம் உங்களுடையது. அந்த வாசல் நண்பர்களையும் மூத்த சகோதரர்களையும் குறிக்கும் வீடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு லாபத்தைக் கொண்டுவருகிறவர் ஒரு நண்பர். பாதகம் வந்தால் அதுவும் அவர் வழியாகத்தான் வரும்.

இந்த முடிச்சை அவிழ்க்க ராகுவை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. ராகு நிழல் கிரகம், அவருக்குச் சொந்த வீடு கிடையாது. எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டுக்காரரின் வேலையைத்தான் பெரிதாக்கிச் செய்வார். ஆகவே ராகு தசைக்குப் பலன் பார்க்கிறவர் முதலில் தேட வேண்டியது வீடு கொடுத்தவரை. உங்களுக்கு வீடு கொடுத்தவர் சனி. அவர் தனுசில், ஒன்பதாம் வீட்டில் இருக்கிறார். ஒன்பது என்பது தூரப் பயணம், கடல் கடந்த தொடர்பு. அங்கிருந்து தன் மூன்றாம் பார்வையால் கும்பத்தையும் அதிலிருக்கும் ராகுவையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் ஜாதகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வீட்டுக்காரர் கண் எதிரே குடியிருக்கும் வாடகைக்காரர் எல்லை மீற மாட்டார்.

சனி பத்தாம் வீட்டுக்கும் அதிபதி. அவர் கொடுக்கும் பணம் மாதாமாதம் வரும் பணம், உழைத்த கணக்கைப் பார்த்து வரும் பணம். ராகுவோ ஒரே தாவலில் எல்லாம் கிடைக்க வேண்டும் என்பார். வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதிப்பது சனியின் வழி. ஊரில் இருக்கும் வீட்டைப் பணயம் வைத்து ஒரே நாளில் முதலாளி ஆவது ராகுவின் ஆசை. இந்தத் தசையில் வீட்டுக்காரரின் வழியே போனால் வாடகைக்காரரின் பலமும் சேர்ந்து கிடைக்கும்.

இனிக் காலக்கணக்கு. ராகு தசை 18 ஆண்டு. அதை ஒரே துண்டாகப் பார்த்துப் பயப்படுவதோ ஆசைப்படுவதோ கூடாது. தசைக்குள் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு புக்தியும் எவ்வளவு என்பதை நீங்களே போட்டுவிடலாம். தசை ஆண்டையும் புக்திநாதனின் ஆண்டையும் பெருக்குங்கள். கடைசி இலக்கத்தை விட்டு மீதியை மாதமாகக் கொள்ளுங்கள். விட்ட இலக்கத்தை மூன்றால் பெருக்கினால் நாள். புதனுக்கு 17 ஆண்டு. 18ஐ 17ஆல் பெருக்கினால் 306. ஆக 30 மாதம், 18 நாள். அதாவது 2 ஆண்டு, 6 மாதம், 18 நாள்.

நீங்கள் பிறக்கும்போது, கருவிலேயே கழிந்த கர்ப்பச்செல் போக சுக்கிர தசை இருப்பு ஏறக்குறைய 6 ஆண்டு. பின்பு சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7. எனவே ராகு தசை தொடங்கியது 2018 ஜனவரி வாக்கில். ராகுவின் சுயபுக்தி 2020 செப்டம்பர் கடைசி வரை, குரு 2023 பிப்ரவரி வரை, சனி 2025 டிசம்பர் கடைசி வரை. இப்போது புதன் புக்தி. அது 2028 ஜூலை வரை ஓடும். பின் ஓராண்டும் 18 நாளும் கேது, 2029 ஆகஸ்டிலிருந்து மூன்று ஆண்டு சுக்கிரன்.

இந்தத் தேதிகளைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பரணியில் சந்திரன் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, தள்ளியிருந்தால் தசை ஒன்பது நாள் தள்ளிப்போகும். பிறந்த நேரத்தில் பத்து நிமிடம் பிசகினால் ஒன்றரை மாதம் மாறும். வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கம் மாறினாலும் தேதி மாறும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. 2020 செப்டம்பரை ஒட்டியும் 2023 பிப்ரவரியை ஒட்டியும் வேலையிலோ வீட்டிலோ திசை திரும்பியதா என்று பழைய சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கையும் வைத்துப் பாருங்கள். நான்கைந்து மாதம் முன்னோ பின்னோ அந்தத் திருப்பம் தெரிந்தால், மற்ற தேதிகளையும் அதே அளவு தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள்.

புதன் உங்களுக்கு மூன்றுக்கும் ஆறுக்கும் உடையவர். சூரியனோடு பத்தாம் வீடான மகரத்தில் இருக்கிறார். மூன்று முயற்சி, பேச்சுவார்த்தை, கடிதப் போக்குவரத்து. ஆறு உத்தியோகம். ஆனால் கடன், வழக்கு, எதிரி ஆகியவையும் அதே ஆறுதான். இந்த இரண்டரை ஆண்டில் பிறரிடம் வேலை செய்தால் ஆறாம் வீடு உத்தியோகமாகப் பலிக்கும். வீட்டை வைத்துக் கடன் வாங்கினால் அதே வீடு கடனாகவே பலிக்கும். அடுத்து வரும் கேதுவோ ஐந்தில் நிற்கிறார். ஐந்து ஊக வணிகத்தின் வீடு, கேது அறுத்துவிடும் கிரகம். இன்று 40 லட்சம் போட்டால், தொழில் காலூன்றி வட்டி கட்டத் தொடங்கும் நேரத்தில் கேது புக்தி வந்து நிற்கும். என் பயமெல்லாம் அந்த ஓராண்டைப் பற்றித்தான்.

பங்கு சேருவதற்கு உரிய காலம் உங்களுக்கு இல்லாமல் இல்லை. கூட்டுத்தொழிலைச் சொல்லும் ஏழாம் வீட்டுக்கு உடையவர் சுக்கிரன். அவர் சனியோடு சேர்ந்து ஒன்பதில் இருக்கிறார். ஆகவே அயல்நாட்டுக் கூட்டு 2029 ஆகஸ்டுக்குப் பிறகு தொடங்கட்டும். நண்பரிடம் இப்படிக் கேளுங்கள்: "மூன்று ஆண்டு சம்பளத்துக்கு வருகிறேன், லாபத்தில் ஒரு சிறு விகிதம் கொடு, அதை என் பங்குக்கான முதலாக உன்னிடமே விட்டுவைக்கிறேன்." உண்மையிலேயே உங்கள் திறமை வேண்டும் என்றால் அவர் இதற்குச் சம்மதிப்பார். பணம்தான் வேண்டும் என்றால் பேச்சு அங்கேயே தடைபடும். அவர் மனம் எப்படிப்பட்டது என்பதை உங்கள் ஜாதகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. வர்த்தக உரிமத்தின் நகல், பங்குதாரர் பட்டியல், மூன்று ஆண்டுக் கணக்கு ஆகியவற்றை வாங்கி ஓர் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் குழப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராகு தசையில் குழப்பம் என்றால் ஒன்றும் புரியாமல் திகைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். மாட்டுங்காவில் இத்தனை ஆண்டு ஜாதகம் பார்த்ததில் நான் கண்டது வேறு. ராகு மயக்கும்போது எல்லாம் மிகத் தெளிவாகத் தெரியும். ஒருமுறை ஓர் இளைஞர் நீளமான நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஐந்து ஆண்டு வருமானத்தை மாதவாரியாக, சிவப்பு மையில் கட்டம் கட்டி எழுதியிருந்தார். கூட்டலில் ஒரு பிழை இல்லை. செலவு எழுத வேண்டிய வலப்பக்கம் முழுவதும் வெறுமையாக இருந்தது. அதை நான் விரல் வைத்துக் காட்டும்வரை அவர் கவனிக்கவே இல்லை. அவருக்கு அப்போது ராகுவின் சுயபுக்தி. உங்கள் திட்டத்திலும் வலப்பக்கத்தை எழுதிப் பாருங்கள்: மாதத் தவணை எவ்வளவு, துபாய் வாடகை எவ்வளவு, ஆறு மாதம் ஒரு பைசா வராவிட்டால் செம்பூர் வீட்டுச் செலவை யார் பார்ப்பார்? அந்தப் பக்கத்தை எழுதக் கை வரவில்லை என்றாலோ, வீட்டில் சொல்லாமல் மறைக்கத் தோன்றினாலோ, இன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினாலோ, அது மயக்கம்தான்.

என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் சொல்லித் தருவேன். ராகு தசையில் பெரிய முடிவை எடுத்த அன்று அதைத் தேதியோடு எழுதி மூடிவையுங்கள். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஒரு சுற்று சுற்றி வரட்டும். பிறகு திறந்து படியுங்கள். அன்று இருந்த ஆவல் அப்படியே இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். பாதி பேர் படித்துவிட்டுத் தாளைக் கிழித்துவிடுகிறார்கள்.

பரிகாரம் கேட்பீர்கள் என்று தெரியும். செவ்வாய்க்கிழமை ராகுகாலத்தில், மாலை மூன்றிலிருந்து நாலரைக்குள், துர்க்கைக்கு விளக்கேற்றுங்கள். கும்பகோணம் பக்கம் போனால் திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் செய்யுங்கள். ஆயிரக்கணக்கில் செலவாகும் ஹோமம், கோமேதக மோதிரம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று எழுந்து வாருங்கள். தசையின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்திப் பணம் பறிப்பதைப் போல என்னை வருத்தும் செயல் எங்கள் தொழிலில் வேறில்லை. தூக்கமின்மைக்கு இரண்டு மாதம் நீண்ட காலம். இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். விளக்கேற்றுவதும் மருத்துவரிடம் போவதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

நண்பரின் பதில் வந்ததும், சம்பளக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன், பிறப்புச் சான்றில் உள்ள நேரத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். கேது புக்தி சரியாக எந்த மாதம் தொடங்குகிறது என்பதைக் கணித்துச் சொல்கிறேன். பழைய கடன் ஏதேனும் இருந்தால், அந்தத் தேதிக்கு முன்பாக அது அடைந்திருக்க வேண்டும்.