ஜீரோ டெப் எடுக்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கேள்வி: என் பெட்ரோல் கார் (1200 சிசி) வாங்கி மூன்று வருடம் முடிகிறது. இதுவரை கிளைம் எதுவும் இல்லை, இந்தப் புதுப்பித்தலில் 35% நோ கிளைம் போனஸ் உண்டு. போனஸ் கழிப்பதற்கு முன் ஓன் டேமேஜ் பிரீமியம் 9,000 ரூபாய். ஜீரோ டெப் சேர்த்தால் வரியோடு 3,000 ரூபாய் கூடுதல் என்கிறார் ஏஜென்ட். பத்து வருடமாக ஓட்டுகிறேன், பழைய காரில் ஒருமுறை பம்பர் உடைந்தது, அவ்வளவுதான். எடுக்கலாமா?
— வாசகர், கோவை

பதில்: உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால் 3,000 ரூபாய்க்கு வேண்டாம். ஏறக்குறைய 1,700 ரூபாய்க்குக் கிடைத்தால் எடுக்கலாம். அந்த 1,700 எப்படி வந்தது என்பதைச் சொல்கிறோம். அடுத்த வருடம் எண்கள் மாறினாலும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஜீரோ டெப் எந்தப் பணத்தைத் தருகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் பில் முழுவதையும் தருவது அதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பில்லின் பெரும்பகுதியைச் சாதாரண பாலிசியே தந்துவிடும். தேய்மானம் என்று கழிக்கிற தொகையை மட்டும்தான் ஜீரோ டெப் திருப்பித் தருகிறது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குக் கார் புதிதாக இருந்தாலும் 50% கழிப்பார்கள். இரும்புப் பாகங்களுக்குக் காரின் வயதுப்படி. உங்களுடையது நான்காவது வருடத்தில் இருப்பதால் 25%. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயின்டிங் பில் மொத்தமாக வந்தால் அதில் கால் பங்கைப் பெயின்ட் விலையாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். லேபருக்குக் கழிவு கிடையாது.

ஒரு நடுத்தர விபத்தை எடுத்துக்கொள்வோம். பம்பர் 12,000, ஹெட்லைட் 9,000, ஃபெண்டர் 4,000, பெயின்டிங் 8,000, லேபர் 4,000. மொத்தம் 37,000 ரூபாய். தேய்மானமாகப் பம்பரில் 6,000, ஹெட்லைட்டில் 4,500, ஃபெண்டரில் 1,000, பெயின்டில் 1,000, ஆக 12,500 போகும். 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய் கட்டாயக் கழிவு உண்டு; ஜீரோ டெப் இருந்தாலும் அது உங்கள் கையிலிருந்துதான். ஆக, சாதாரண பாலிசியில் 23,500 கிடைக்கும், ஜீரோ டெப்பில் 36,000. நீங்கள் விலை கொடுத்து வாங்குவது நடுவில் இருக்கும் அந்த 12,500 ரூபாயை மட்டும்தான். 3,000-ஐ 12,500-ஆல் வகுத்தால் 24%. அதாவது நாலு வருடத்துக்கு ஒருமுறையாவது இந்த அளவுக்கு இடிபட்டால்தான் கொடுத்த காசு திரும்பும்.

இங்கே பலரும் தவறவிடுவது போனஸ் இழப்பு. இந்த வருடம் கிளைம் செய்யாவிட்டால் அடுத்த புதுப்பித்தலில் உங்களுக்கு 45%, அதற்கடுத்து 50%. செய்தால் அதே இரண்டு வருடங்களில் பூஜ்யம், 20%. 9,000 ரூபாய் பிரீமியத்தில் முதல் வருட வித்தியாசம் 4,050, இரண்டாம் வருடம் 2,700, வரியோடு கிட்டத்தட்ட 8,000. பழைய நிலைக்கு வர இன்னும் மூன்று வருடம் ஆகும். கார் விலை குறையக் குறைய பிரீமியமும் குறையும் என்று தளர்த்தியே கணக்கிட்டாலும் மொத்த இழப்பு 10,000 ரூபாய்க்குக் குறையாது. எனவே கம்பெனி தருவது 10,000-க்குள் இருந்தால் கிளைம் செய்வதே நஷ்டம்.

இதனால் சின்ன விபத்தில் ஜீரோ டெப்பின் உண்மையான மதிப்பு சுருங்குகிறது. பம்பர் மட்டும் உடைந்து பில் 17,500 (பம்பர் 12,000, பெயின்டிங் 4,000, லேபர் 1,500) என்று வையுங்கள். சாதாரண பாலிசியில் 10,000 கிடைக்கும். போனஸ் இழப்பு அதை விழுங்கிவிடுவதால் கிளைம் செய்யாமல் விடுவதும் ஒன்றுதான். ஜீரோ டெப்பில் 16,500 கிடைத்து, போனஸ் இழப்பு போக 6,500 மிஞ்சும். அந்த 6,500-தான் ஜீரோ டெப்பின் பலன். கதவில் கீறல், கண்ணாடி மூடி உடைந்தது போன்ற சில ஆயிரம் ரூபாய் வேலைகளுக்குப் பலன் பூஜ்யம். அவற்றை விபத்து எண்ணிக்கையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

அடுத்தது வாய்ப்பு. பத்து வருடத்தில் ஒன்று என்றால் 10% என்று எழுதத் தோன்றும். இவ்வளவு குறைந்த அனுபவத்தை அப்படியே நம்ப முடியாது. விபத்தோடு ஒன்றையும் வருடத்தோடு இரண்டையும் கூட்டி வகுப்பது பாதுகாப்பான வழி: 12-இல் 2, அதாவது 17%. ஒரு விபத்துகூட நடக்காதவருக்கும் இந்த முறையில் பூஜ்யம் வராது. உங்களுக்கு நடந்தது பம்பர் வகை என்பதால், 17-இல் 12-ஐச் சின்ன விபத்துக்கும், 4-ஐ நடுத்தரத்துக்கும், 1-ஐ தேய்மானமே 40,000 வரை போகும் பெரிய விபத்துக்கும் பங்கிட்டோம். பலன் 780 + 500 + 400 = 1,680 ரூபாய். இதற்கு 3,000 கேட்கிறார்கள்.

எந்தச் சூழ்நிலையில் பதில் மாறும்? வீட்டில் புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டவர் காரை எடுக்கப்போகிறார் என்றால் வாய்ப்பை இரட்டிப்பாக்குங்கள். பலன் 3,360 ஆகிவிடும், எடுத்துவிடலாம். அதேபோல், பெரிய விபத்தில் அந்த 40,000-ஐக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால், வருடத்துக்கு 1,300 ரூபாய் நஷ்டம் என்று தெரிந்தே எடுப்பதும் சரியான முடிவுதான்.

எடுப்பதானால் பாலிசி வாசகத்தில் வருடத்துக்கு எத்தனை ஜீரோ டெப் கிளைம் என்று பாருங்கள். இரண்டோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. தண்ணீர் தேங்கிய சாலையில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் பழுதானால் ஜீரோ டெப் உதவாது, அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை வேண்டும். கார் திருடுபோனாலும், ரிப்பேர் செலவு, பாலிசியில் குறித்திருக்கும் கார் மதிப்பான ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டி மொத்த இழப்பு என்று முடிவானாலும் ஐடிவிதான் கிடைக்கும். அங்கே ஜீரோ டெப்புக்கு வேலையே இல்லை.

கேள்வி: ஆன்லைனில் புதுப்பிக்கும்போது, கிளைமில் முதல் 7,500 ரூபாயை நானே ஏற்றால் பிரீமியம் 2,360 குறையும், 15,000-ஐ ஏற்றால் 2,950 குறையும் என்று காட்டுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
— வாசகி, திருச்சி

பதில்: வருடத்துக்கு 10% கிளைம் வாய்ப்பு உள்ளவர் என்றால் 7,500-ஐ எடுத்து அதோடு நிறுத்துங்கள். இங்கே காப்பீடு விற்பவர் நீங்கள், 2,360 ரூபாய்தான் உங்கள் பிரீமியம். 2,360-ஐ 7,500-ஆல் வகுத்தால் 31%. உங்கள் வாய்ப்பு அதற்கு வெகு கீழே. 15,000-ஐத் தனியாக வகுத்தால் 20% வந்து அதுவும் லாபம் போலத் தெரியும், ஏமாற வேண்டாம். இரண்டாவது 7,500-ஐச் சுமக்க அவர்கள் கூடுதலாகத் தருவது 590 ரூபாய் மட்டுமே. வகுத்தால் 8%கூட வரவில்லை, உங்கள் 10%-க்கு அது கட்டுப்படியாகாது. தள்ளுபடிக்கு உச்சவரம்பு வைத்திருப்பதால்தான் இப்படி.

கட்டாயக் கழிவு இதற்கு மேல் தனி. 1,000 ரூபாய் கழிவுள்ள கார் என்றால் ஒவ்வொரு கிளைமிலும் 8,500 உங்கள் கையிலிருந்து போகும். வருடத்தில் இரண்டு கிளைம் என்றால் இரண்டு முறையும் போகும்.