இசிஜி தாளில் பிஆர், க்யூஆர்எஸ், க்யூடி: எந்த எண் எதைச் சொல்கிறது?

கேள்வி: புது வேலைக்காக பாயான் லெப்பாஸில் ஒரு கிளினிக்கில் மெடிக்கல் செக்-அப் செய்தேன், டாக்டர். இசிஜி நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். தாளில் ரேட் 75, பிஆர் 160, க்யூஆர்எஸ் 80, க்யூடி 360, க்யூடிசி 402 என்று இருக்கிறது. இந்த எண்களும் மேடு பள்ளங்களும் எதைக் காட்டுகின்றன? எனக்கு வயது 34. (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: தாளின் அடியில் நீளமாக ஓடும் கோட்டை மட்டும் இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது லீட் 2. வலது கைக்கும் இடது காலுக்கும் இடையிலான மின் வேறுபாட்டை அது பதிவு செய்கிறது. இதயத்தில் மின் தூண்டல் பரவுவதும் ஏறக்குறைய அதே திசையில்தான், வலப்பக்கம் மேலிருந்து இடப்பக்கம் கீழே, அதனால் முக்கிய அலைகள் இதில் மேல்நோக்கித் தெளிவாக நிற்கும்.

தாள் வழக்கமாக வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். அப்படியானால் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி வினாடி, பெரிய கட்டம் 200. உங்கள் கோட்டில் ஓர் உயரமான முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவே நான்கு பெரிய கட்டங்கள் இருக்கும், ஒரு நிமிடத்தில் 300 பெரிய கட்டங்கள் ஓடும், அந்த 300ஐ நான்கால் வகுத்தால் 75, அதுதான் ரேட்.

சரி, ஒரே ஒரு துடிப்பைப் பார்ப்போம். துடிப்பைத் தொடங்கி வைப்பது வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு. ஆனால் அது மிகச் சிறியது, அதன் மின்சாரம் தாளில் விழாது. அங்கிருந்து கிளம்பிய தூண்டல் இரண்டு மேலறைகளிலும் பரவும்போதுதான் முதல் சின்ன மேடு வருகிறது, அதுதான் பி அலை.

அதற்கு அப்புறம் கோடு கொஞ்ச நேரம் தட்டையாகப் போகும். பலர் இதை ஒன்றும் நடக்காத இடம் என்று தாண்டிவிடுகிறார்கள், எனக்கோ இசிஜியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இருக்கும் ஏவி கணுவுக்குள் தூண்டல் அப்போது ஊர்ந்துகொண்டிருக்கிறது. அந்தத் தாமதம் இருப்பதால்தான் மேலறைகள் சுருங்கித் தங்கள் ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க நேரம் கிடைக்கிறது. பி அலையின் தொடக்கத்திலிருந்து க்யூஆர்எஸ் தொடக்கம் வரை அளந்தால் அது பிஆர் இடைவெளி. 120 முதல் 200 வரை இயல்பு, உங்களுடையது 160, அதாவது நான்கு சின்னக் கட்டம். ஒவ்வொரு துடிப்பிலும் இது ஒரே அளவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். துடிப்புக்குத் துடிப்பு நீண்டுகொண்டே போய், ஒரு பி அலைக்குப் பின் க்யூஆர்எஸ் வராமலே போனால், ஏவி கணுவில் தடை இருக்கிறது என்று பொருள்.

கணுவைத் தாண்டியதும் தூண்டல் ஹிஸ் கற்றையிலும் பர்கிஞ்சி நார்களிலும் மிக வேகமாக ஓடுகிறது. அதனால்தான் கீழறைகள் அவ்வளவு பெரிய தசையாக இருந்தும், அது முழுவதும் 80 மில்லி வினாடியில் தூண்டப்பட்டுவிடுகிறது. அந்தக் கூர்மையான முனைதான் க்யூஆர்எஸ். 120ஐத் தொட்டால் அகலம் என்போம். கிளை நார் ஒன்று அடைபட்டு, தூண்டல் தசை வழியாக மெதுவாகச் சுற்றிப் போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மேலறைகள் மின் ஓய்வுக்குத் திரும்புவதும் கிட்டத்தட்ட இதே சமயத்தில்தான், அந்தச் சின்ன அலை க்யூஆர்எஸ்ஸுக்குள் மறைந்துவிடும்.

அடுத்த தட்டையான துண்டு எஸ்டி. கீழறைத் தசை முழுவதும் தூண்டப்பட்ட நிலையில் இருப்பதால் மின் வேறுபாடு அதிகம் இல்லை, கோடு அடிக்கோட்டை ஒட்டியே போகும். பிறகு வரும் டி அலை, கீழறைகள் மின் ஓய்வுக்குத் திரும்புவது. தூண்டல் உள்ளடுக்கிலிருந்து வெளியே போனது, ஓய்வோ வெளியடுக்கில் முதலில் தொடங்குகிறது, அதனால்தான் டி அலையும் க்யூஆர்எஸ் மாதிரி மேல்நோக்கியே நிற்கிறது.

க்யூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவு வரை க்யூடி. துடிப்பு வேகமானால் இது தானாகக் குறுகும், எனவே வேகத்துக்கு ஏற்பத் திருத்துகிறார்கள். உங்கள் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 0.8 வினாடி. அதன் வர்க்கமூலம் சுமார் 0.894, அதால் 360ஐ வகுத்தால் 402, அதுதான் க்யூடிசி. ஆண்களுக்கு 450 வரை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம், பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

மெஷின் போடும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். நடுக்கத்தில் கோடு அதிர்ந்தால் பி அலையையோ டி அலையின் முடிவையோ அது தவறாகப் பிடிக்கும், இரண்டு கை வயர்களும் மாறிப் போனால் லீட் 1 முழுவதும் தலைகீழாகிவிடும். ஏவிஆர் லீடில் அலைகள் கீழ்நோக்கி இருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

படுத்திருந்த அந்தச் சில வினாடிகளின் மின்சாரத்தைத்தான் இந்தத் தாள் காட்டுகிறது. ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தும் ஓய்வில் எடுத்த இசிஜி நார்மலாக வரலாம், ஆகவே நெஞ்சை அழுத்தும் வலி வந்தால் இந்தத் தாளை நினைத்துச் சும்மா இருக்காமல் 999க்கு அழையுங்கள். அப்புறம், இது வெப்பத்தில் அச்சாகும் தாளாக இருந்தால் நாளடைவில் மங்கிவிடும், இன்றைக்கே ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் அது புதியதா பழையதா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும்.