புத்தக எண்ணின் கடைசி இலக்கம் எதற்கு?

"பழைய புத்தகங்களின் ISBN சில சமயம் X என்று முடிகிறதே, ஏன்? 11-ஆல் வகுப்பதால் தப்பு எப்படித் தெரிகிறது?"

கடைசி இலக்கம் முந்தைய ஒன்பதிலிருந்து கணக்கிட்டுப் போடுவது. 0-306-40615-2 என்ற எண்ணை எடுங்கள். இடமிருந்து ஒவ்வொரு இலக்கத்தையும் 10, 9, 8 என்று இறங்கி 2 வரையுள்ள எடைகளால் பெருக்கிக் கூட்டினால் 130 வரும், அடுத்த 11-இன் மடங்கு 132, குறைவது 2, அதுதான் கடைசி இலக்கம். குறைவது 10 ஆக இருந்தால் ஒரே இலக்கத்தில் எழுத முடியாதே, அதனால் ரோமன் பத்தான X.

சரி, தட்டச்சு செய்பவர் 64-ஐ 46 என்று மாற்றி அடித்துவிட்டார். 6×7 + 4×6 = 66 வர வேண்டிய இடத்தில் 4×7 + 6×6 = 64 வருகிறது, கடைசி 2-ஐயும் சேர்த்த மொத்தம் 132-க்குப் பதில் 130 ஆகிவிடும், 11-ஆல் வகுபடாது. இது தற்செயல் இல்லை. எந்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறும் அளவு, இலக்கங்களின் வித்தியாசத்தை எடைகளின் வித்தியாசத்தால் பெருக்கியது. இரண்டுமே 11-க்குக் குறைவு, 11 பகா எண், ஆகவே பெருக்கல் ஒருபோதும் 11-இன் மடங்காகாது. ஒரே ஒரு இலக்கம் தப்பானாலும் இதே காரணத்தால் மாட்டிக்கொள்ளும். இரண்டு இலக்கம் தனித்தனியாகத் தப்பானால் மட்டும் ஒன்றையொன்று ஈடுகட்டித் தப்பிவிடலாம்.

2007-இல் வந்த 13 இலக்க எண் பார்கோடு முறைப்படி 1, 3 எடைகளோடு 10-ஆல் வகுக்கிறது. அதில் X தேவையில்லை, ஆனால் பக்கத்துப் பக்கத்து 1-ம் 6-ம் இடம் மாறினால் வித்தியாசம் சரியாக 10, தப்பு தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால் பழைய முறைதான் கெட்டி.