அதே கட்டடத்தில் பெரிய வீட்டிற்கு மாறுவது எப்படி?

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஒரே உரிமையாளருக்குச் சொந்தமான இரண்டு மாடிக் கட்டடத்தில், முதல் மாடியில் ஒரு படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000. மூன்று மாதக் குழந்தை இருப்பதால் இடம் போதவில்லை. இரண்டாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு மாதக் கடைசியில் காலியாகிறது. அதற்கு இப்போதிருப்பவர் தரும் வாடகை 17,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். எங்கள் அக்ரிமென்ட் முடிய நான்கு மாதம் இருக்கிறது. ஹவுஸ் ஓனரிடம் எப்படிக் கேட்பது? அட்வான்ஸை என்ன செய்வது?

பதில்: 'டு-லெட்' பலகை மாட்டப்படுவதற்கு முன்பே, முடிந்தால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். குழந்தை பிறந்திருக்கிறது என்பதற்காகப் பெரிய வீட்டைத் தந்தே ஆக வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் கிடையாது என்பதால், இது முழுக்க முழுக்கப் பேச்சுவார்த்தை. ஆனால் பேசும்போது குழந்தையை முன்னிறுத்துவதைவிட உரிமையாளரின் கணக்கை முன்னிறுத்துவது பலன் தரும். பெரிய வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே அவருக்கு 17,000 ரூபாய் நஷ்டம். புரோக்கர் மூலம் வருபவர் எப்படிப்பட்டவர் என்பதும் அவருக்குத் தெரியாது. நீங்கள் போனால் மேல்வீடு அன்றே நிரம்பிவிடும்; காலியாவது உங்கள் சிறிய வீடு, அதன் வாடகை குறைவு என்பதால் காலியாகக் கிடந்தாலும் இழப்பு குறைவு. அவர் தயங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வீட்டை நினைத்துத்தான். ஆகவே, 'பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டை நாங்களே காட்டுகிறோம், நீங்கள் சொல்லும் தேதியில் சாவியைக் கொடுத்துவிடுகிறோம், சார்' என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். அவர் கேட்கப்போகும் இன்னொரு கேள்வி தண்ணீர். குழந்தைத் துணிகள் தினமும் துவைக்கப்படும், பாட்டி சில மாதங்கள் வந்து தங்குவார் என்றால் அதை மறைக்காமல் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. லாரித் தண்ணீர் வாங்கும் தெருவாக இருந்தால் பின்னால் இதுவே சண்டைக்குக் காரணமாகிவிடும்.

வாடகையை அவர் 18,000 ஆக உயர்த்திக் கேட்டால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அக்ரிமென்ட் நடுவில் இருக்கும்போது வாடகையை ஏற்ற அவரால் முடியாது என்று நீங்கள் எண்ணலாம். அந்தப் பாதுகாப்பு கீழ்வீட்டிற்குத்தான். மேல்வீட்டிற்குப் போவது சட்டப்படி பழைய வாடகைத் தொடர்பு முடிந்து புதிது தொடங்குவது.

அட்வான்ஸில்தான் கவனம் வேண்டும். 'அந்த வீட்டிற்கு ஒரு லட்சம், உங்களுடையது 60,000 இருக்கிறது, மேலே 40,000 கொடுங்கள்' என்பதுதான் வழக்கமாக வரும் பேச்சு. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தாலொழிய, மாத வாடகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வைப்புத்தொகை கேட்கக் கூடாது. 18,000 வாடகைக்கு மூன்று மடங்கு 54,000. உங்கள் 60,000 ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டது. இந்த விதியில் உள்ள 'வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தாலொழிய' என்ற பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு லட்சம் என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. பேச வேண்டியதெல்லாம் கையெழுத்திற்கு முன்புதான். 75,000 என்று இறங்கிவந்து, 15,000 மட்டும் புதிதாகக் கொடுப்பதில் முடிந்தால் இரு தரப்புக்கும் அது நியாயமான இடம் என்பேன்.

இதே இடத்தில் பெயின்ட் செலவும் தலைநீட்டும். காலி செய்பவரிடம் ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்காகப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் சென்னையில் பரவலாக இருக்கிறது. அதன்படி கீழ்வீட்டிற்காக 12,000 பிடித்துவிட்டு, மீதி 48,000-ஐ மட்டும் மேல்வீட்டுக் கணக்கில் வைத்துக்கொண்டு, பிறகு மேல்வீட்டைக் காலி செய்யும்போது இன்னொரு முறை பிடித்தால் உங்களுக்கு இரட்டை நஷ்டம். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும், எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, அதே சட்டத்தின் அட்டவணையில் உரிமையாளரின் பொறுப்பு. உங்கள் தற்போதைய அக்ரிமென்டில் பெயின்டிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் எடுத்துப் பாருங்கள். பிடித்தம் உண்டு என்று எழுதியிருந்தால், கட்டடத்தை விட்டு வெளியேறும்போது ஒரு முறை மட்டும் என்று பேசி முடியுங்கள்.

பழைய அக்ரிமென்டில் 'முதல் மாடி' என்பதை அடித்துவிட்டு 'இரண்டாம் மாடி' என்று பேனாவால் எழுதி இருவரும் கையெழுத்துப் போடும் பழக்கத்திற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீடு, வாடகை, காலம் எல்லாமே மாறுவதால் புதிய ஒப்பந்தம்தான் சரி. பதினோரு மாதம்தானே என்று விட்டுவிடாமல், 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பில் அதையும் பதிவு செய்ய வேண்டும். புதிய ஒப்பந்தத்தில் பின்வரும் வாசகம் இடம்பெறட்டும்: 'முதல் மாடி வீட்டிற்கான ஒப்பந்தம் இரு தரப்பு சம்மதத்துடன் இன்றோடு முடிவடைகிறது, அதற்கு நோட்டீஸ் காலமோ வாடகை பாக்கியோ இல்லை. அந்த வீட்டிற்குச் செலுத்தியிருந்த வைப்புத்தொகை ரூ. 60,000 எந்தப் பிடித்தமும் இன்றி இந்த ஒப்பந்தத்தின் கணக்கில் சேர்க்கப்பட்டு, இன்று வங்கி மூலம் செலுத்திய ரூ. 15,000-உடன் சேர்த்து மொத்த வைப்புத்தொகை ரூ. 75,000 ஆகிறது.' இந்த வரிகள் இல்லாவிட்டால் பழைய 60,000 எங்கே போயிற்று என்பதற்கு வாய்வார்த்தை மட்டுமே சாட்சி; நாளை உரிமையாளரின் பிள்ளைகள் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டால் அந்த வாய்வார்த்தையும் இருக்காது.

மாறும் நாட்களைப் பொறுத்தவரை, மேல்வீட்டு வாடகை பெயின்டிங் முடிந்து சாவி உங்கள் கைக்கு வரும் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். அதன் பிறகும் சன்னல்களைத் திறந்துவைத்து வாடை முழுக்கப் போன பின்பே குழந்தையை அழைத்துச் செல்வது நல்லது என்பதால், நான்கைந்து நாட்கள் இரண்டு சாவிகளும் உங்களிடம் இருப்பது உதவும். அந்த நாட்களுக்குக் கீழ்வீட்டு வாடகையை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. சாவி மாறும் நாளன்று இரண்டு வீட்டு மின் மீட்டர்களையும் இணைப்பு எண் தெரியும்படி படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். மின்கணக்கு இரண்டு மாதத்திற்கு ஒரு முறை என்பதால், முன்பிருந்தவர் ஓட்டிய யூனிட்டும் உங்களுடையதும் ஒரே பில்லில் வரும். அவர் 350 யூனிட், நீங்கள் 200 யூனிட் என்றால் மொத்தம் 500-ஐத் தாண்டி, கட்டண அடுக்கே மாறித் தொகை எகிறிவிடும். அந்தப் பில்லை அவரவர் யூனிட் விகிதத்தில் பிரித்துக்கொள்வது என்று அவர் காலி செய்யும் முன்பே பேசிவிடுங்கள்.

இவ்வளவும் பேசும் முன் ஒரு மதிய வேளையில், இரண்டு மூன்று மணிக்கு, மேல்வீட்டைப் போய்ப் பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு என்பதால் சுவரும் கூரையும் எவ்வளவு சூடேறுகின்றன என்பது அப்போதுதான் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வரும் அறையின் கூரை மூலைகளில் பழுப்பு வளையமோ உதிரும் சுண்ணாம்போ இருந்தால் அது கசிவு. பெயின்ட் அடித்துவிட்டால் அடுத்த மழை வரை கண்ணுக்குத் தெரியாது, ஆகவே அடிப்பதற்கு முன்பே பார்த்துப் படம் எடுத்துவையுங்கள். குளியலறைக் குழாய் வேகத்தையும் திறந்து பாருங்கள். தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் மேல்மாடியில் தண்ணீர் மெதுவாக வருவது சாதாரணம். இப்போதிருப்பவரிடம் மே மாத மின்கட்டணம் எவ்வளவு வந்தது என்று கேட்டால், ஏ.சி. இல்லாமல் அந்த அறைகளில் குழந்தையைத் தூங்கவைக்க முடியுமா என்பதற்கும் விடை கிடைத்துவிடும். வெப்பம் தாங்காது என்று தோன்றினால், கூடுதலாகத் தரப்போகும் 6,000 ரூபாயோடு அந்த மின்கட்டணத்தையும் கூட்டிப் பார்த்து, பக்கத்துத் தெருவில் நடுமாடி வீடு ஏதும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு உரிமையாளரிடம் போங்கள்.