வெளிநாட்டில் இருக்கும் பேரன் வெறும் "ஹலோ" என்று மட்டும் அனுப்பியிருக்கிறான், வேறு ஒன்றும் இல்லை. என்ன அர்த்தம்?

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, பயப்படாதீர்கள். நீங்கள் "சொல்லுப்பா" என்ற பிறகு விஷயத்தைச் சொல்லலாம் என்று காத்திருக்கிறான், அவ்வளவுதான். அவன் பழைய எண்ணிலிருந்து வந்ததா என்று மட்டும் பாருங்கள். புது எண் என்றால் பதில் போடாமல், பழைய எண்ணுக்கே கூப்பிடுங்கள்.

எங்களுக்கு வாலாஜா. பேரன் டொராண்டோவில் படிக்கிறான். போன கோடையில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு இதே "ஹலோ" வந்தது. அங்கே அப்போது இரவு பத்தரை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்க்கும்போது பத்தரை. "சொல்லு கண்ணா" என்று போட்டேன். இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. அங்கே நள்ளிரவு ஒரு மணி, பிள்ளை தூங்கிவிட்டான்.

"இன்னாவோ ஏதோ, போன் போட்டுப் பாருங்க" என்று என் வீட்டுக்காரம்மா ஆரம்பித்துவிட்டாள். உடனே கூப்பிட வேண்டியதுதானே என்று நீங்களும் கேட்பீர்கள். காலையில் வகுப்புக்குப் போகிற பிள்ளையை ஒரு மணிக்கு எழுப்பி, எதற்கு ஹலோ சொன்னாய் என்றா கேட்பது? அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பதில் வந்தது. "ஒண்ணுமில்ல தாத்தா, ஒரு ஃபார்ம்ல அப்பா பிறந்த மாவட்டம் கேக்கறாங்க. வேலூரா, ராணிப்பேட்டையா?"

இதைக் காலையிலேயே எழுதியிருந்தால் பத்தரைக்கே பதில் போட்டிருப்பேன், கண் விழித்ததும் பார்த்திருப்பான். ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தில் ஒரு "ஹலோ" என்றால் பகல் முழுக்கப் போச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தாத்தாவிடம் எடுத்த எடுப்பில் வேலை சொல்லக் கூடாது என்ற மரியாதையில்தான் அவன் அப்படிச் செய்தான். அது எனக்கும் தெரியும்.

ஆனால் அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? அவன் அப்பா பிறந்தபோது இது வட ஆற்காடு. 1989-ல் பிரித்து வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றார்கள், பிறகு வேலூர் ஆனது, 2019-ல் ராணிப்பேட்டை. வீட்டை நான் ஓர் அடி நகர்த்தவில்லை, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. என் ஆதாரில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று. வங்கியில் போய் நின்றால் "இது வேற அட்ரஸா சார்?" என்கிறார்கள். பிரித்தவர்களை விட்டுவிட்டு என்னிடம் விளக்கம் கேட்டால் எப்படி?

பேரனிடம், "அப்பாவோட பிறப்புச் சான்றிதழ்ல என்ன இருக்கோ அதையே எழுது" என்று சொல்லி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அதில் வட ஆற்காடு என்றுதான் இருக்கிறது. கூடவே, "இனிமே ஹலோவும் விஷயமும் ஒரே மெசேஜ்ல வரணும்" என்றும் போட்டேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.